கடைசி வரியில் இருந்த ஆபத்து!
கூட்டங்களில் திரையில் காட்டும் 'ஸ்லைடு'களைப் பார்த்துச் சுருக்கம் எழுதுகிறோம். அதிக இடம் பிடித்த விஷயத்துக்கு அதிக வரி கொடுக்க வேண்டுமா? கூடாது என்பதே என் கட்சி.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியபோது, ஒரு நுரைத் துண்டு பிய்ந்து அதன் இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் ஸ்லைடுகள் தயாரித்தார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கை ஊட்டியது. பழைய சோதனை விவரங்களே பக்கத்தை நிரப்பின. அடியில், சிறிய எழுத்தில், இப்படி இருந்தது: சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணக்கிட்டதோ 1,920 கன அங்குலம்.

640 மடங்கு! பிறகு அந்தச் சோதனை எப்படிப் பொருந்தும்?

இட அளவைப் பார்த்துச் சுருக்கினால் இந்த வரிதான் முதலில் விழும். பிப்ரவரி 1-ந்தேதி ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் மாண்டனர்.

ஆகவே, ஒவ்வொரு வரியிலும் நின்று, "இதை எடுத்துவிட்டால் முடிவு மாறுமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால், அதுவே சுருக்கத்தின் முதல் வரி. கூடவே, "மூலத்தில் இது கடைசியில் இருந்தது" என்றும் எழுதுங்கள். தயாரித்தவர் அதை எங்கே வைத்தார் என்பதும் ஒரு செய்திதானே!