கழலாத தாடை

வயல் வரப்பில் சாரைப்பாம்பு ஒன்று தன் தலையைவிடப் பருத்த பெருச்சாளியை விழுங்கிக்கொண்டிருந்தால், செங்கல்பட்டுப் பக்கத்தில் கூட்டம் கூடிவிடும். ‘தாடையைக் கழற்றிக்கொண்டு விழுங்குது பார்’ என்று யாராவது ஒருவர் விளக்கமும் சொல்வார். தாடை கழல்வதே இல்லை. அது முதலிலிருந்தே தளர்வாகக் கட்டப்பட்டது.

நமக்குக் கீழ்த்தாடை மோவாயில் ஒன்றாகக் கூடியிருக்கிறது. பாம்புக்கு அது இரண்டு தனிக் கம்புகள். முன்முனைகளை இணைப்பது நீளக்கூடிய தசைநார் மட்டுமே. பின்பக்கம், மண்டையோட்டிலிருந்து ஊஞ்சல்போல் தொங்கும் ஓர் எலும்பில் தாடை மாட்டியிருக்கிறது. அந்த எலும்பு வெளிப்பக்கம் சாய்ந்தால் வாய் அகலும். இவ்வளவும் இருந்தாலும் தோல் இழுபடாவிட்டால் பயனில்லை. 2022-இல் அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் ஜெய்ன் பர்மிய மலைப்பாம்புகளை அளந்தபோது, விரிந்த வாயின் சுற்றளவில் 40 சதவீதத்துக்கு மேல் கீழ்த்தாடையின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தசையும் தோலும்தான் என்று தெரிந்தது.

இரை பெரும்பாலும் தலைப்பக்கமாகவே உள்ளே போகும். அப்போதுதான் காலும் மயிரும் பின்னோக்கி மடியும். மேல்தாடையின் இடப்பாதி முன்னேறி, பின்னோக்கி வளைந்த பற்களால் கொக்கி போடும். பிறகு வலப்பாதி. உண்மையில் இரையைப் பாம்பு இழுப்பதில்லை, இரைமேல் தானே ஏறிப் போகிறது. வாய் அடைபட்டிருக்கையில் மூச்சுக்குழலின் முனையை வாய்க்கு வெளியே நீட்டிச் சுவாசிக்கிறது.

இந்தத் தளர்வை நன்கு அறிந்தவர்கள் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கிறார்கள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிடமிருந்து நஞ்சு எடுக்கிறார்கள். அச்சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் புளோரிடா சென்று, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கழுத்தைப் பிடித்துவிட்டால் பாம்பு அடங்கிவிடும் என்று நினைத்துக் கைபேசிக்கு முகம் காட்டும் இளைஞர்கள் இந்தத் தளர்வைக் கணக்கில் எடுப்பதில்லை. விரியனின் இரு நச்சுப்பற்களும் தனித்தனியே அசையும். பிடியில் இருக்கும்போதே ஒரு பல்லைச் சாய்த்துத் தன் கீழ்த்தாடைத் தோலையே துளைத்துக்கொண்டு விரலில் இறக்கிவிடும்.

விழுங்கும் பாம்பைக் குச்சியால் சீண்டுவதும் இதே அறியாமைதான். வளைந்த பற்களிலிருந்து இரையை விடுவிப்பது விழுங்குவதைவிடக் கடினம். அதனால் பாம்பு திணறிக் கக்கும். ஓடவேண்டும் என்றால் வயிற்றிலிருப்பதையும் கக்கிவிட்டு ஓடுவதுண்டு. கக்கிய இரை பிழைக்காது, பாம்புக்கோ பல நாள் உணவு போச்சு. எட்ட நின்றால், இரையின் வால் மறைந்த பிறகு பாம்பு இரண்டு மூன்று முறை கொட்டாவி விடுவதைப் பார்க்கலாம். அகன்ற எலும்புகள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு வருகின்றன.