பன்னிரண்டு மதிப்பெண் எங்கே இருக்கிறது?



பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு சொல் ஓயாமல் ஒலிக்கத் தொடங்குகிறது. 'கட்-ஆப்' என்பதே அச்சொல். "கட்-ஆப் வருமா, வராதா?" என்று தாய் கேட்கிறாள், "இன்னும் நன்றாகப் படி" என்று தந்தை சொல்கிறார். எத்தனை மதிப்பெண் குறைகிறது, எந்தப் பாடத்தில் அதைத் தேடுவது என்று கணக்கிட்டுப் பார்க்கும் வீடுகள் மிகச் சிலவே. கூட்டலும் வகுத்தலும் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய இக்கணக்கை இம்மாதம் நாம் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். தமிழகப் பொறியியற் கல்லூரிச் சேர்க்கையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பொறியியற் கலந்தாய்வுக்கான கட்-ஆப் 200 மதிப்பெண்களுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் 100-க்குப் பெற்ற மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியலில் பெற்றதில் பாதியும் வேதியியலில் பெற்றதில் பாதியும் சேரும். தமிழ், ஆங்கிலம், நான்காம் விருப்பப் பாடம் ஆகியவை இந்த 200-இல் சேர்வதில்லை. ஆகவே கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்-ஆப்பில் ஒன்றாகவே நிற்கும். இயற்பியலிலோ வேதியியலிலோ கூடும் ஒரு மதிப்பெண் அரையாகவே நிற்கும்.

இங்கே வீட்டுப் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2007-க்கு முன் நுழைவுத் தேர்வு இருந்தது; அதன் 100 மதிப்பெண்ணும் சேர்ந்து மொத்தம் 300-க்குக் கணக்கிட்டார்கள். நுழைவுத் தேர்வு நீங்கிய பின்னும், 2018 வரை ஒவ்வொரு பாடமும் 200 மதிப்பெண்ணுக்கு நடந்தது. அதனால் கணிதத்தை இரண்டாலும் மற்ற இரண்டையும் நான்காலும் வகுத்தார்கள். 2019 மார்ச் முதல் பாடத்திற்கு 100 மதிப்பெண்தான். அந்நாளில் படித்த மாமாவோ அண்ணனோ பழைய பழக்கத்தில் கணித மதிப்பெண்ணைப் பாதியாக்கிவிட்டு, "உனக்கு இவ்வளவுதான் வரும்" என்று சொல்லிப் பிள்ளையைக் கலங்க வைப்பதுண்டு. அவர் காலத்துக்கு அவர் கணக்கு சரியே. இன்றைய பிள்ளைக்கு அது பொருந்தாது.

இனி ஒரு மாணவியின் கணக்கைப் பார்ப்போம். அவள் தந்தை கொத்தனார் வேலை செய்பவர். அரையாண்டு மதிப்பெண் தாளோடு அவர் நம்மிடம் வந்து, "சாமி, பிள்ளை இயற்பியலில் 54 தான் வாங்கியிருக்கிறாள். இதை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?" என்று வருத்தத்தோடு கேட்டார். தாளை வாங்கிப் பார்த்தோம். கணிதம் 68, இயற்பியல் 54, வேதியியல் 58. ஆனால் அவை 100-க்குப் பெற்றவை அல்ல. கணித எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு உரியது. மீதி 10 அகமதிப்பீடு. இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறைத் தேர்வு 20, அகமதிப்பீடு 10. அவள் பள்ளி தந்தது எழுத்துத் தேர்வின் மதிப்பெண் மட்டுமே.

"அப்பா, இந்த 54 எழுபதுக்கு. செய்முறையும் அகமதிப்பீடும் முழுதாகக் கிடைத்தால் இன்னும் 30 சேரும், 84 ஆகிவிடும்" என்றோம். அவ்வாறே வேதியியல் 58-உம் 30-உம் சேர்ந்து 88. கணிதம் 68-உம் 10-உம் சேர்ந்து 78. இப்போது கட்-ஆப் காண்போம்: கணிதம் 78, இயற்பியலில் பாதி 42, வேதியியலில் பாதி 44, ஆக 164.

அவள் விரும்பிய கல்லூரியில் விரும்பிய பிரிவுக்கு முந்தைய ஆண்டுகளில் கடைசியாக இடம் பெற்றவரின் கட்-ஆப்பைப் பார்த்து, நாம் வைத்துக்கொண்ட இலக்கு 176. குறைவது 12.

இந்தப் பன்னிரண்டை எங்கே தேடுவது? இயற்பியலையும் வேதியியலையும் மட்டும் நம்பினால், இரண்டிலும் சேர்த்து 24 மதிப்பெண் கூட வேண்டும். இரண்டிலும் நூற்றுக்கு நூறு எடுத்தாலே 28 தான் கூடும். அவ்வழி ஏறக்குறைய அடைபட்ட வழி. கணிதத்தில் மட்டும் தேடினால் 78 என்பது 90 ஆக வேண்டும். இரண்டு மாதத்தில் ஒரே பாடத்தில் பன்னிரண்டு என்பது பெரும் சுமை. ஆகவே பகிர்ந்தோம். கணிதத்தில் 8 கூட்டி 86. இயற்பியலில் 4 கூட்டி 88. வேதியியலில் 4 கூட்டி 92. அதாவது 86-உம் 44-உம் 46-உம், கூட்டினால் 176.

இதோடு நிறுத்திவிட்டால் கணக்கு தாளோடு நின்றுவிடும். எட்டு மதிப்பெண் என்பது எந்த வினாக்களில் இருக்கிறது என்று காண வேண்டும். திருத்திய கணித விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, இழந்த 22 மதிப்பெண்ணையும் அவளையே பிரித்து எழுதச் சொன்னோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபதில் ஆறு தவறு. மூன்று மதிப்பெண் வினாக்களில் இரண்டு போயின, அவற்றால் 6. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழில் இரண்டைத் தொடவே இல்லை, அவற்றால் 10. ஆக, பாடநூலின் பின்பயிற்சியை முறையாகப் பார்த்து ஒரு மதிப்பெண்ணில் மூன்றையும், ஆசிரியரிடம் கேட்டு ஐந்து மதிப்பெண்ணில் ஒன்றையும் மீட்டால் அந்த எட்டு வந்துவிடும். இயற்பியலிலும் வேதியியலிலும் ஒரு மூன்று மதிப்பெண் வினாவும் ஓர் ஒரு மதிப்பெண் வினாவும் போதும். "பன்னிரண்டு" என்று கேட்டபோது மலைத்து நின்ற பிள்ளை, எட்டு வினாக்கள் என்று கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கணிதத்துக்கு இரட்டை மதிப்பு என்பதால் எல்லாரும் கணிதத்திலேயே நேரத்தைச் செலவிட வேண்டும் என்று பொருள் கொள்ளலாகாது. ஒருவன் கணிதத்தில் 96-உம் இயற்பியலில் 60-உம் பெற்றிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கணிதத்தில் அவனுக்கு மீதமிருப்பது நான்கே. அதுவும் கடினமான நான்கு. இயற்பியலை 60-இலிருந்து 80-க்கு உயர்த்தினால் கட்-ஆப்பில் 10 கூடும். எந்தப் பாடத்துக்கு மதிப்பு அதிகம் என்பது ஒரு கேள்வி. எந்தப் பாடத்தில் இடம் மிச்சமிருக்கிறது என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

செய்முறைத் தேர்வைப் பற்றியும் ஒரு சொல். மேலே நாம் முழு 30-ஐயும் வைத்துக் கணக்கிட்டோம். அது 27 ஆகக் குறைந்தால், இயற்பியலில் 88 பெற எழுத்துத் தேர்வில் 58-க்குப் பதில் 61 எடுக்க வேண்டும். பதிவேட்டை முடிக்காமல் விடுவதும், வகுப்புக்கு வராமல் நிற்பதும் இந்த மூன்றில்தான் வந்து முடியும். எழுத்துத் தேர்வில் மூன்று மதிப்பெண் தேடுவதைவிடப் பதிவேட்டை ஒழுங்காக எழுதி முடிப்பது எளிது அல்லவா?

இனி, இலக்கை எவ்வாறு தெரிந்தெடுப்பது? சென்ற ஆண்டில் 176-க்கு இடம் கிடைத்தது என்பதால் இவ்வாண்டும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கலந்தாய்வில் அழைப்பது தரவரிசைப்படி. வினாத்தாள் எளிதாக அமைந்து பலர் உயர்ந்த மதிப்பெண் பெற்றால், அதே 176 தரவரிசையில் பின்னே தள்ளப்படும். ஆகவே ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல், மூன்று ஆண்டுகளைப் பார்த்து அவற்றுள் மிக உயர்ந்ததை இலக்காகக் கொள்வது விவேகம். 2021-ஆம் ஆண்டைக் கணக்கில் கொள்ள வேண்டாம். அவ்வாண்டு கொரோனாவினால் பொதுத் தேர்வே நடைபெறவில்லை. மதிப்பெண் வேறு முறையில் வழங்கப்பட்டது.

பட்டியலில் எந்த வரிசையைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு கல்லூரிக்கும் பிரிவுக்கும், பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் எனத் தனித்தனி எண்கள் இருக்கும். நம் வாசகர்களுள் பலர் இங்கே இடறுகிறார்கள். ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பத்தினர் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். உறவினர் வீட்டுப் பிள்ளை பட்டியல் இனத்தவர் என்ற சான்றிதழோடு இடம் பெற்ற எண்ணைக் கேட்டு, அதையே தம் பிள்ளைக்கும் இலக்காக வைத்துக்கொண்டால் கலந்தாய்வு நாளில் ஏமாற்றமே மிஞ்சும். இந்நிலை நியாயமா என்பது நம் மக்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வி. ஆனால் கணக்குப் போடும் நாளில், கையிலுள்ள சாதிச் சான்றிதழில் எழுதியிருப்பது எதுவோ அந்த வரிசையையே பார்க்க வேண்டும். அதற்குமேல் பொதுப் பிரிவு எண்ணையும் பாருங்கள். அந்த இடங்களுக்கு எல்லாரும் தகுதியுடையவர்களே.

ஒரே கட்-ஆப் பெற்றவர்கள் பலர் இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது கணிதத்தில் அதிகம் பெற்றவர் முன்னே வைக்கப்படுவார். அதிலும் சமமானால் இயற்பியலைப் பார்ப்பார்கள். ஆகவே 176-ஐ இரு வழியில் அடைய முடியுமானால், கணிதம் கூடுதலாக உள்ள வழியே மேல்.

சில வீடுகளில் கணக்கு வேறு விடையைத் தரும். இதே மாணவி 192 வேண்டும் என்று விரும்பியிருந்தால், குறைவது 28. மூன்று பாடங்களிலும் நூற்றுக்கு நூறு பெற்றாலே அவளுக்குக் கூடுவது 36 தான் என்னும்போது, 28 என்பது எத்தகைய இலக்கு என்று சொல்லத் தேவையில்லை. அதை ஜனவரியில் அறிந்துகொள்வது, மே மாதத்தில் அழுதுகொண்டு அறிவதைவிட நல்லது. 176-இலும் 170-இலும் இடம் தரும் கல்லூரிகள் எவை, அவற்றின் கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா என்று விசாரிக்கக் காலம் இருக்கும். கடைசி நேரத்தில் பதறி, கடன் வாங்கி, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குப் பணம் கட்டும் நிலையும் நேராது.

வேளாண்மைக்கோ கால்நடை மருத்துவத்துக்கோ விண்ணப்பிப்போர், பாடங்களின் பங்கு அங்கே வேறு என்பதால், அவ்வப் படிப்பின் விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்தே கணக்கிட வேண்டும். எதுவானாலும் முறை ஒன்றே. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை 100-க்கு நிறைவு செய்யுங்கள், உரிய பங்கின்படி கூட்டுங்கள், இலக்கிலிருந்து கழியுங்கள், குறைவதைப் பாடங்களுக்குப் பகிர்ந்து, விடைத்தாளைத் திறந்து, வினா வினாவாகத் தேடுங்கள். விடைத்தாள் பிள்ளையின் பையில்தான் இருக்கிறது. இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.