காதுல தண்ணி போச்சான்னு கேட்கிறீங்க, கழுத்துல என்ன மாட்டியிருக்காங்கன்னு பார்த்தீங்களா?

மக்களே, கொஞ்சம் நீளமான இழை. கைக்குழந்தையை "பேபி ஸ்விம்மிங்" வகுப்பில் சேர்த்திருப்பவர்களும், சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களும் கடைசி வரை படியுங்கள். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஓபியில் ஒரு அப்பா, எட்டு மாதக் குழந்தையோடு வந்தார். ரெண்டு நாளா காய்ச்சல், ராத்திரி முழுக்க அழுகை, வலது காதைப் பிடித்து இழுக்கிறாள். "ஸ்விம்மிங் க்ளாஸ்ல காதுல தண்ணி போயிடுச்சு சார், சண்டை போட்டுட்டு வந்துட்டேன்" என்றார். பக்கத்தில் பாட்டி. "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன், காய்ச்சின நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன், அப்பவும் அடங்கல" என்றார்.

காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தேன். எண்ணெயைத் துடைத்து எடுத்த பிறகு காதுக் குழாய் சுத்தமாக இருந்தது. வீக்கமில்லை, சீழ் இல்லை. ஆனால் உள்ளே செவிப்பறை செக்கச்செவேல் என்று வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. அது நடுக்காதுத் தொற்று. "பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுதா?" என்று கேட்டேன். நாலு நாளாக ஒழுகுகிறது. அண்ணன் எல்கேஜி. அவனிடமிருந்து வந்த சளி.

இந்த இடத்தில் நிறைய பேர் குழம்புகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து போகும் காதுக் குழாய் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசியில் செவிப்பறை சுவர் மாதிரி அடைத்து நிற்கிறது. ஓட்டை இல்லாத செவிப்பறையைத் தாண்டி நீச்சல்குளத்துத் தண்ணீர் நடுக்காதுக்குள் போகவே முடியாது. நடுக்காதுக்கு இருக்கும் ஒரே வழி பின்பக்க வழி. மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் அங்கே போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும். கைக்குழந்தைக்குக் குட்டையாக, கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில் இருக்கும். சளி பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைபடும். நடுக்காதில் திரவம் தேங்கும். அதில் கிருமி வளரும். படுக்க வைத்து பாட்டிலில் பால் கொடுப்பதும், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பதும் இதை இன்னும் மோசமாக்கும். இந்தக் குழந்தையின் காது வலிக்குக் காரணம் நீச்சல்குளம் இல்லை, எல்கேஜி.

தண்ணீரால் வருவது வேறு தொற்று. அது வெளிக்காதின் தோலில் வருவது. அடிக்கடி, ரொம்ப நேரம் நீந்துகிற பெரிய பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். ஈரத்தில் ஊறிய தோலில், அதுவும் பட்ஸ் போட்டுக் கீறிய தோலில், கிருமி உட்காரும். காது மடலைத் தொட்டு அசைத்தாலே துடிப்பார்கள். அதுதான் அடையாளம். தடுப்பதும் சுலபம். தண்ணீரிலிருந்து வந்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வெளியே வருகிற தண்ணீரை மட்டும் துண்டு முனையால் ஒற்றி எடுங்கள். பிறகு மறுபக்கம். அவ்வளவுதான். பட்ஸ் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், காதுக்குள் வாய் வைத்து ஊதுவதும் வேண்டாம். (மூக்கில் எண்ணெய் விடுகிற பாட்டிகளே, அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். அதற்குத் தனி இழை போடுகிறேன்.) ஏற்கெனவே காதில் சீழ் வடிகிற குழந்தை, செவிப்பறையில் ஓட்டை இருக்கும் குழந்தை மட்டும் டாக்டரிடம் காட்டாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

மருந்து எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்கு ஒரே நிம்மதி. "அப்போ க்ளாஸுக்கு மறுபடி அனுப்பலாமா சார்?" என்றார். வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். போனை எடுத்து வீடியோ காட்டினார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

முதல் வீடியோ: ஒரு பெரிய தொட்டி. பாப்பா கழுத்தைச் சுற்றி காற்றடித்த ஒரு வளையம். தலை மட்டும் மேலே, உடம்பு தண்ணீரில் தொங்குகிறது. பின்னணியில் பாட்டு. எந்தக் கையும் குழந்தையைப் பிடித்திருக்கவில்லை. பயிற்சியாளர் ஓரமாக நின்று ரீல்ஸ் எடுக்கிறார்.

குழந்தையின் மொத்த எடையும் தண்ணீரில் மிதந்தாலும், அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரே பிடி தாடையும் கழுத்தும்தான். வளையத்தில் காற்று கொஞ்சம் இறங்கினாலோ, வெல்க்ரோ நழுவினாலோ, சோப்பு நுரையில் வழுக்கினாலோ முகம் நேராகத் தண்ணீருக்குள் போகும். கத்தக்கூட முடியாது. 2022 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இந்த வளையத்தைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. குறிப்பாக, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்குத் தண்ணீர் சிகிச்சை என்ற பெயரில் இதை மாட்டாதீர்கள் என்று சொன்னது. ஒரு குழந்தை இறந்து, இன்னொரு குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு வந்த எச்சரிக்கை அது. நம்ம ஊரில் அதே வளையத்தை "தசை வலுப்பெறும், மூளை வளரும்" என்று சொல்லி மாட்டுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு.

இரண்டாவது வீடியோ இன்னும் மோசம். பயிற்சியாளர் பாப்பாவின் முகத்தில் 'ஃபூ' என்று ஊதுகிறார். அவள் கண்ணை மூடி மூச்சை நிறுத்துகிறாள். உடனே ஒரு முக்கு. எடுத்ததும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். "பாருங்க, மூச்சடக்கக் கத்துக்கிட்டா!" என்று ஒரு குரல்.

அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. முகத்தில் காற்றோ தண்ணீரோ பட்டால் மூச்சை நிறுத்துவது பிறக்கும்போதே இருக்கும் அனிச்சைச் செயல். சில மாதங்களில் அது மங்கிவிடும். மூச்சுக் குழாயை அது ஒரு நொடி மூடும், ஆனால் விழுங்குவதைத் தடுக்காது. ஒவ்வொரு முக்குக்கும் கொஞ்சம் தண்ணீர் வயிற்றுக்குள் போகும். கைக்குழந்தைக்குத் துப்பத் தெரியாது. அதிகப்படி தண்ணீரை வேகமாக வெளியே தள்ளும் அளவுக்கு அதன் சிறுநீரகமும் பழகவில்லை. நிறைய விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். ரொம்ப இறங்கினால் ஃபிட்ஸ் வரும். நீச்சல் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன குழந்தைக்கு இப்படி ஃபிட்ஸ் வந்ததை 1980களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வகுப்பு முடிந்த சில மணி நேரத்தில் குழந்தை வயிறு உப்பி, வாந்தி எடுத்து, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால் "விளையாடின அசதி" என்று தூங்க விடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். தண்ணீர் விழுங்கினாள் என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவும் எதற்காக? அவர்கள் கொடுத்த நோட்டீஸில் பதில் இருந்தது: "நீச்சல் பயிற்சி மூழ்கும் அபாயத்தை 88% குறைக்கும்." இந்த எண் பொய் இல்லை. 2009-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வின் எண். ஆனால் அந்தக் கணக்கு 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது, எட்டு மாதப் பாப்பாவைப் பற்றியது இல்லை. அதிலும் மூழ்கி இறந்த பிள்ளைகள் வெறும் 61 பேர். ஆள் குறைவு என்பதால், உண்மையான பலன் 3 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்களின் கணக்கே வருகிறது. நோட்டீஸில் அதைப் போடுவார்களா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முன்பெல்லாம் நாலு வயதுக்கு முன்னால் நீச்சல் பயிற்சி வேண்டாம் என்றது. 2010-ல் அதைத் தளர்த்தியது. இப்போது ஒரு வயதுக்கு மேல் பல குழந்தைகளுக்குப் பயிற்சி பலன் தரும் என்கிறது. ஒரு வயதுக்குக் கீழே, மூழ்குவதைப் பயிற்சி தடுக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை என்றும் அதுவே சொல்கிறது. காரணம் எளிது: கைகால் அடிக்கும், ஆனால் மூச்சு விடுகிற அளவுக்குத் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்க அந்த வயதில் முடியாது.

அந்த அப்பா சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. "இப்ப தண்ணின்னா அவளுக்குப் பயமே இல்ல சார், பாத்ரூம்ல வாளியைப் பிடிச்சு நிக்கிறா." ஐயா, அந்த வாளிதான் ஆபத்து! தலைகீழாக விழுந்தால் ரெண்டு அங்குலத் தண்ணீர் போதும், சத்தமே வராது. எட்டு மாதத்தில் தண்ணீர்ப் பயம் போனதற்குச் சந்தோஷப்படக் கூடாது. வாளியைக் கவிழ்த்து வைக்கணும், சம்ப் மூடியைப் பூட்டணும், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் உயரத்தில் போடணும்.

"அப்போ தண்ணியே வேணாமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. தண்ணீரில் விளையாடுவது குழந்தைக்கு ரொம்பப் பிடிக்கும், விளையாடட்டும். உங்கள் கையில், உங்கள் நெஞ்சோடு, முகம் முங்காமல். ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் தண்ணீர் 32 டிகிரி இருக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில்கூட நிழலில் இருக்கும் குளம் அதைவிடக் குளிர்ந்திருக்கும். முதல் நாள் பத்து நிமிஷம் போதும். போகப் போக இருபது வரை கூட்டலாம். உதடு நீலம் பாய்ந்தாலோ நடுங்கினாலோ உடனே வெளியே. தடுப்பூசி போட்டதால் தள்ளிப்போட வேண்டிய அவசியம் இல்லை.

சுத்தத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. "ஸ்விம் டயப்பர் கட்டாயம், எங்க குளம் சுத்தம்" என்பார்கள். அந்த டயப்பர் கெட்டியான மலத்தை மட்டும்தான் தாங்கும். பேதி தண்ணீரில் கலந்துவிடும். பெரும்பாலான கிருமிகளைக் குளோரின் சீக்கிரம் கொன்றுவிடும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒரு ஒட்டுண்ணி, சரியாகக் குளோரின் போட்ட குளத்திலேயே ஒரு வாரத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். ஒரு வாய் விழுங்கினால் வாரக்கணக்கில் பேதி. ஆகவே உங்கள் குழந்தைக்குப் பேதி என்றால் கட்டின பணம் போனாலும் பரவாயில்லை, கூட்டிப் போகாதீர்கள். அந்த மையம் மற்றவர்களிடமும் இதைக் கேட்கிறதா என்று பாருங்கள். குளோரின் அளவை உங்கள் கண் முன்னால் ஸ்ட்ரிப் நனைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிஷ வேலை. குறைந்தது 1 பிபிஎம் இருக்கணும். மூக்கைத் துளைக்கிற மருந்து வாடை வந்தால் சுத்தம் என்று நினைக்காதீர்கள். குளோரின் சிறுநீரோடும் வியர்வையோடும் சேர்ந்ததால் வருகிற வாடை அது. தொட்டி என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் தண்ணீரை மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நேற்று அந்தக் குழந்தையை மறுபடி பார்த்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது, செவிப்பறையின் புடைப்பு வடிந்திருக்கிறது. அப்பா மையத்தில் ஸ்ட்ரிப் கேட்டாராம். "டெய்லி மருந்து போடுறோம் சார்" என்றார்களாம். வளையம் மாட்ட வேண்டாம், நானே இறங்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பெற்றோர் தண்ணீரில் இறங்க அனுமதி இல்லையாம். மீதிப் பணத்தைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார், இன்னும் வரவில்லை.