கடன் கொப்பிக்கு ஐபோன் எதற்கு?

எல்கடுவயில் ஒரு பலசரக்குக் கடை. அங்கே மாசம் முழுக்கச் சாமான் போகும், சம்பளம் போட்ட பிறகுதான் காசு வரும். இடையில் நடப்பதெல்லாம் ஒரு நீளமான கொப்பியில் இருக்கிறது. யாருக்கு மா, யாருக்கு பருப்பு, யார் பாதி கட்டினார்கள் என்று எல்லாமே அதில்தான். போன வருசம் மழையில் அந்தக் கொப்பியின் நாலைந்து பக்கம் ஊறிப்போனது. அடுத்த சம்பளத்தில் மூன்று வீட்டோடு சண்டை.

"தம்பி, போன்ல எழுதுற மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க. சனத்துக்குத் தமிழ்ல துண்டும் வரணும்" என்று முதலாளி கேட்டார். துண்டு என்றால் சின்ன புளூடூத் பிரிண்டரில் வரும் பில். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்களில் இரண்டு பேர் கோடிங் படிக்கிறோம், மற்றவர்களுக்கு வாய் இருக்கிறது.

வாய் முதலில் போனது எதில் எழுதுவது என்ற சண்டைக்குத்தான். ஒருவர் ஃபிளட்டர் என்றார். ஒருமுறை எழுதினால் அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் ஓடும். இன்னொருவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும், ஆகவே அவர் ரியாக்ட் நேட்டிவ் என்றார். மூன்றாமவர் மட்டும், அன்ட்ரொய்டுக்கே உரிய கொட்லினில் எழுதுவோம் என்றார். அவரை நாங்கள் பழைய ஆள் என்று கிண்டல் செய்தோம். இப்போது அவர் பக்கம்தான் நாங்கள் எல்லாரும் நிற்கிறோம். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி, இதை யார் கையில் பிடிக்கப்போகிறார்கள்? முதலாளியிடம் ஒரு போன், மகளிடம் ஒரு போன். இரண்டும் அன்ட்ரொய்ட். வாடிக்கையாளருக்கு ஆப் வேண்டாம், துண்டு போதும். ஃபிளட்டர் தருகிற பெரிய இலாபம் இரண்டாவது தளம். நமக்கு இரண்டாவது தளமே இல்லை. இருந்தாலும் அது சும்மா வராது. ஐபோன் ஆப்பை பில்ட் செய்ய மக் கணினி வேண்டும், ஆப் ஸ்டோரில் போட வருசத்துக்கு 99 டொலர் கட்ட வேண்டும். கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டொலர். கடைக்காரர் யாரும் கேட்காத வசதிக்கு இவ்வளவு யோசித்திருக்கிறோம்.

அடுத்தது பிரிண்டர். எங்கள் ஆப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இந்தச் சின்னப் பிரிண்டர்கள் ஆங்கில எழுத்தை நேராக அடிக்கும். தமிழை அனுப்பினால் கேள்விக்குறியும் சீன எழுத்து மாதிரி ஏதோவும் வரும், ஏனென்றால் அதன் உள்ளே தமிழ் எழுத்துருவே கிடையாது. வழி ஒன்றுதான். பில்லைப் போனிலேயே படமாக வரைந்து, அந்தப் படத்தைப் புள்ளிகளாக அனுப்ப வேண்டும். 58 மில்லிமீற்றர் தாளில் அச்சு விழும் அகலம் 48 மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு 8 புள்ளி என்றால் 384 புள்ளி. படம் அதைவிட அகலமானால் ஓரம் வெட்டுப்படும் அல்லது குப்பை அச்சாகும். படம் வரைவதை ஃபிளட்டரும் நன்றாகவே செய்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. தகவலைப் போனுக்குள் சேமிப்பதிலும் வித்தியாசம் இல்லை. சிக்னல் இல்லாத வளைவிலும் இரண்டுமே ஓடும்.

பிரச்சினை புளூடூத்தில் வந்தது. ஃபிளட்டர் தானாகப் புளூடூத் பேசாது. யாரோ எழுதி வைத்த பிளகின் வேண்டும். அந்தப் பிளகினுக்குள் இருப்பது அன்ட்ரொய்டின் கொட்லின் அல்லது ஜாவாதான். முதல் சோதனை ஆப்பை நாங்கள் ஃபிளட்டரில்தான் செய்தோம், கொஞ்சக் காலமாக யாரும் கைவைக்காத ஒரு பிளகினோடு. முதலாளியின் அன்ட்ரொய்ட் 10 போனில் துண்டு அழகாக வந்தது. மகளின் புதுப் போனில் பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. போனைக் கணினியில் செருகி லொக்கைப் பார்த்தபோது இந்த வரி இருந்தது:

```
java.lang.SecurityException: Need android.permission.BLUETOOTH_CONNECT permission
```

காரணம் இதுதான். அன்ட்ரொய்ட் 12 முதல், அதைக் குறிவைத்து எழுதப்படும் ஆப்கள் புளூடூத் சாதனத்தோடு இணைவதற்குப் பாவனையாளரிடம் நேராக அனுமதி கேட்க வேண்டும். முன்பு மாதிரி நிறுவும்போதே கிடைத்துவிடாது. பழைய போனில் சரி, புதுப் போனில் பிழை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த மாதிரி அனுமதிகள்தான். மேனிஃபெஸ்ட்டில் வேண்டியது இவ்வளவே:

```xml
<uses-permission android:name="android.permission.BLUETOOTH"
    android:maxSdkVersion="30" />
<uses-permission android:name="android.permission.BLUETOOTH_CONNECT" />
```

பிறகு இணைவதற்கு முன் கோடில் அனுமதி கேட்கும் சிறு துண்டு. பிரிண்டரை செட்டிங்ஸில் முதலே ஜோடி சேர்த்துவிட்டால் தேடும் அனுமதி தேவையில்லை.

ஃபிளட்டரில் இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும், நாங்களும் செய்தோம். ஆனால் அதற்காக இரண்டு இரவு அன்ட்ரொய்ட் ஆவணங்களையும் பிளகினுக்குள் இருந்த ஜாவாவையும் படித்தோம். எதைப் படிக்காமல் தப்பலாம் என்று ஃபிளட்டரைத் தேர்ந்தோமோ, அதையே படித்தோம். இடையில் ஒரு கை கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. எயார்பிஎன்பி நிறுவனம் 2016இல் ரியாக்ட் நேட்டிவுக்குப் போனது. 2018இல் அதை விடுவதாக அறிவித்து, காரணங்களைத் தாமே விரிவாக எழுதினார்கள். இரண்டு தளத்தை ஒன்றாக்கப் போய், மூன்றைப் பராமரிக்க வேண்டியதானது அவற்றில் ஒன்று. மைக்ரோசொஃப்டின் ஸமரின் இன்னொரு பாடம். அதற்கான ஆதரவு 2024 மே 1ஆம் திகதியோடு நின்றது. அதில் எழுதியிருந்தவர்கள் வேறிடம் மாற வேண்டியிருந்தது.

அதே நேரம் கூகுள் பே ஆப்பை ஃபிளட்டரில் திரும்ப எழுதினார்கள். அவர்களுக்கு அன்ட்ரொய்ட், ஐபோன் என இரண்டிலும் பாவனையாளர் கூட்டம் உண்டு, பிளகின் உடைந்தால் தாமே திருத்த ஆளும் உண்டு. ஆகவே ஃபிளட்டர் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஹுன்னஸ் நீர்வீழ்ச்சி பார்க்க வரும் வெளிநாட்டார் அறை பதிவதற்கு ஒரு ஆப் கேட்டால், நாங்களே ஃபிளட்டரில் தொடங்குவோம். அவர்கள் கையில் ஐபோன் இருக்கும், வேலையும் படமும் படிவமும்தான். கடன் கொப்பி வேறு ஜாதி. அது ஒரே தளத்தில், ஒரு சாதனத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடுவது.

எங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. இரண்டு வருசத்தில் நாங்கள் பட்டம் வாங்கிக் கலைந்துவிடுவோம். அப்போது ஆப் உடைந்தால் மாத்தளையில் யாரைப் பிடிப்பது? ஃபிளட்டரும் தெரிந்து, உள்ளே அன்ட்ரொய்டும் தெரிந்த ஆளைத் தேடுவதைவிட, அன்ட்ரொய்ட் மட்டும் தெரிந்த ஆளைத் தேடுவது லேசு.

இப்போது கொட்லினில் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். புளூடூத் பகுதி முழுக்க எங்கள் கையில், ஒரே கோப்பில். முதலாளியிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம், மூன்று சம்பளம் கணக்கு ஒத்துப்போகும்வரை கொப்பியையும் எழுதுங்கள் என்று. "அதை நீங்க சொல்லணுமா தம்பி?" என்றார். கொப்பி இப்போது பொலித்தீன் பைக்குள் இருக்கிறது.