மூன்று நாள் நோட்டீஸும் லயத்து வாசலும்

நிர்வாகம் நீட்டும் ஷோ காஸ் நோட்டீஸைக் கையில் வாங்காவிட்டால் அது செல்லாது என்ற நம்பிக்கை தோட்டத் தொழிலாளர் பலரிடம் இன்னும் இருக்கிறது. நிர்வாகங்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை வேறில்லை. வாங்க மறுத்த நோட்டீஸ் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு கோப்பில் ஏறிவிடும். தபாலில் ஒரு பிரதி வரும். அதையும் மறுத்தால், வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும். மறுத்தவருக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: தன் மீது என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் நாட்கள் ஓடிப்போகும்.

கல்லாறைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்லும் பொன்முடி மலையில் இந்த நாட்களின் அருமை கூடுதல். நோட்டீஸ் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும். வாங்குகிறவர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவராக இருக்கலாம். படித்துச் சொல்ல ஆள் தேடி, நகல் எடுக்க விதுரா வரை இறங்கி ஏறுவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும். அந்த ஒரு நாளும் அன்றைய கூலியும் சேர்ந்தே போகும். ஆகவே நோட்டீஸை வாங்கும் கணத்திலேயே வேலை தொடங்கிவிட வேண்டும். நிர்வாகத்தின் பிரதியில் கையெழுத்திடும்போது, பெற்ற தேதியையும் நேரத்தையும் சொந்தக் கையால் எழுத வேண்டும். உள்ளடக்கத்தை ஏற்கவில்லை, பெற்றுக்கொண்டது மட்டுமே என்று தமிழில் ஒரு வரி சேர்ப்பதற்குத் தடையேதும் இல்லை.

எடுத்துக்காட்டாக, கொழுந்து பறிக்கும் பெண் தொழிலாளி ஒருவருக்கு இத்தகைய நோட்டீஸ் வருவதாகக் கொள்வோம். நோட்டீஸில் இட்ட தேதி 6, வெள்ளிக்கிழமை. கையில் கொடுக்கப்பட்டதோ 9, திங்கள் மாலை. உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ‘கடந்த வாரம் நீர் சூப்பர்வைசரை அவமதித்தீர், பிற தொழிலாளரைத் தூண்டிவிட்டீர், இது கடும் ஒழுங்கீனம் என்று நிரூபணமாகியுள்ளது, உம்மை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு 3 நாட்களுக்குள் விளக்கம் தருக.’ உண்மையில் நடந்தது, மழையில் ஒழுகும் கூரையைப் பற்றி இரவு ஏழு மணிக்கு லயத்து வாசலில் எழுந்த வாக்குவாதம்.

முதலில் நாள் கணக்கு. நோட்டீஸின் தேதியிலிருந்தா, பெற்ற தேதியிலிருந்தா என்று அதில் சொல்லப்படவில்லை. வெள்ளியிலிருந்து எண்ணினால், கையில் வந்தபோதே காலம் முடிந்திருக்கும். அதனால்தான் பெற்ற தேதியைக் குறிப்பது அவ்வளவு முக்கியம். பெற்ற நாளை விட்டு எண்ணினால் 12ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. அந்த நாளையும் சேர்த்தால் 11ஆம் தேதியே கடைசி. தொழிலாளி தனக்குப் பாதகமான கணக்கையே வைத்துக்கொண்டு, 11க்குள் ஏதேனும் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும். அது முழு விளக்கமாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தேதி, எந்த இடம், எந்தச் சொற்கள், யார் புகார் கொடுத்தார் என்ற விவரங்களையும், புகாரின் நகலையும், நோட்டீஸின் தமிழாக்கத்தையும் கேட்டு, அவை கிடைத்தபின் விளக்கமளிக்க இத்தனை நாள் வேண்டும் என்று எழுதினால் போதும். நிர்வாகம் அவகாசம் தர மறுக்கலாம். மறுத்தாலும், கேட்டதும் மறுத்ததும் பதிவாகிவிடும். பின்னாளில் தீர்ப்பாயத்தின் முன் அந்தக் காகிதம் பேசும். ஆனால் மறுப்பு வரும் வரை காத்திருந்து கெடுவைத் தவறவிடக் கூடாது. கையில் இருப்பதை வைத்து ஒரு சுருக்கமான மறுப்பையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு.

அடுத்து, குற்றச்சாட்டை நிலையாணைகளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளைப் பெரும்பாலான தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும் என்றது. எத்தனை தோட்டங்களில் அந்தப் பலகை தமிழில் இருந்தது என்று தோழர்கள் விசாரித்துப் பார்க்கலாம். அதில் ஒழுங்கீனம் எவை எனப் பட்டியல் உண்டு. மத்திய மாதிரி நிலையாணைகளில் ‘வேலை நேரத்தில், நிறுவனத்தில்’ அடாவடியாக நடந்துகொள்வது என்ற சொற்களே இடம்பெற்றுள்ளன. அனுமதியின்றி வராமலிருப்பதும் பழக்கமானதாகவோ 10 நாட்களுக்கு மேற்பட்டதாகவோ இருந்தால்தான் ஒழுங்கீனம்.

இந்தச் சொற்களின் எடையை 1983இல் உச்ச நீதிமன்றம் கிளாக்சோ லேபரட்டரீஸ் வழக்கில் காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் வேலைநிறுத்த காலத்தில், வேலைக்குச் சென்றவர்களை ஏற்றிய கம்பெனிப் பேருந்துகளில் நடந்த சம்பவங்களுக்காகத் தொழிலாளர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. நிறுவன வளாகத்திலோ அதன் அருகிலோ நிகழ்ந்தவற்றையே நிலையாணை ஒழுங்கீனம் என்கிறது; அதற்கு அப்பால் எங்கோ நடந்ததை நிர்வாகம் தன் விருப்பப்படி உள்ளே இழுக்க முடியாது என்றது நீதிமன்றம். எது ஒழுங்கீனம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். நடந்தபின் முடிவு செய்துகொள்ளும் அதிகாரம் முதலாளிக்கு இல்லை.

தோட்டத்திலோ இந்தத் தீர்ப்பைப் பொருத்துவது அவ்வளவு எளிதல்ல. ஆலைத் தொழிலாளி கேட்டைத் தாண்டினால் வளாகம் முடிந்துவிடுகிறது. லயத்தில் வாழ்பவருக்கு அடுப்படியும் தொட்டிலும்கூட எஸ்டேட் எல்லைக்குள்தான். ‘வளாகம்’ என்ற சொல்லை நிர்வாகம் அவரது வீட்டு வாசல்வரை நீட்டும். எனவே பதில் இடத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. வேலை நேரம் முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த இடம் குடியிருப்பு, பேசப்பட்ட பொருள் வேலை உத்தரவு அல்ல, தொழிலாளர்க்கு நிர்வாகம் செய்துதர வேண்டிய வீட்டின் பழுது என்று மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். கூரை பற்றி முன்பு கொடுத்த மனு இருந்தால் அதன் தேதி இங்கே பேருதவி செய்யும்.

‘நிரூபணமாகியுள்ளது’ என்ற சொல்லையும் சும்மா விடக் கூடாது. விளக்கம் கேட்கும் முன்பே முடிவெடுத்துவிட்ட நோட்டீஸ் வெறும் சடங்கு என்பதை, கொச்சியில் தலைமையகம் கொண்ட கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் தொடர்பான ஓரிக்ஸ் பிஷரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாக்கியது. அது தொழில் உறவுக்கு வெளியே எழுந்த வழக்குதான்; ஆயினும் திறந்த மனம் வேண்டும் என்ற நெறியை எடுத்துக்காட்ட அது உதவும். இந்த ஆட்சேபத்தை முதல் பதிலிலேயே எழுப்புவது நல்லது. பிற்பாடு எழுப்பினால், அப்போது ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

பெரும் சேதம் விளைவது வேறொரு காகிதத்தால். ‘ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடு, முடித்துவிடலாம்’ என்று ஆபீசில் அன்பாகச் சொல்லப்படும். எழுதிக்கொடுத்தால் அது ஒப்புதல் வாக்குமூலம். அதன்பின் விசாரணையே தேவையில்லை என்று நிர்வாகம் வாதிடும். நடக்காததை மறுத்து, நடந்ததை நடந்தபடி சொல்லி, விசாரணை நடந்தால் சங்க நிர்வாகி துணையுடன் பங்கேற்க அனுமதி கேட்டு முடிப்பதே பதில். கோபச் சொற்களுக்கும் சூப்பர்வைசரின் பழைய கதைகளுக்கும் அதில் இடமில்லை. ஒரு பிரதியில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். தராவிட்டால் அன்றே பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட். ஒரு நகல் சங்கத்துக்கு, மற்றொன்று உதவித் தொழிலாளர் அதிகாரிக்கு.

இவ்வளவும் நிலையாணைகள் என்ற எழுத்து இருக்கும்வரைதான் பலமாக நிற்கும். பழைய மத்தியச் சட்டம் 100 தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக மோடி அரசு அறிவித்த தொழில் உறவுகள் தொகுப்போ அந்த எல்லையை 300 ஆக உயர்த்திவிட்டது. ஆள் குறைந்து வரும் சிறு தோட்டங்கள் பல இந்த எல்லைக்குக் கீழே வந்துவிடும். அங்கே எது ஒழுங்கீனம் என்ற பட்டியலை யார் எழுதுவது என்ற கேள்வி, லயத்து வாசலில் அடுத்த நோட்டீஸ் வரும் முன்பே சங்கத்தின் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக வைக்கப்பட வேண்டும்.