வணக்கத்துக்குள் மறைந்த தேதி

இந்தோனேசியாவின் ஜெப்பாராவிலுள்ள தேக்கு மரச்சாமான் பட்டறை ஒன்று ஆஸ்திரேலிய வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதமும் அதன் ஆங்கில வடிவமும் பார்க்கக் கிடைத்தன. இந்தோனேசிய மூலம் ‘தெங்ஙான் ஹொர்மாத்’ என்று மரியாதையோடு தொடங்கி, நலம் விசாரித்து, முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு, நான்காவது வாக்கியத்தில்தான் மரம் சரியாக உலராததால் சரக்கு தாமதமாகும் என்கிறது. அங்கே அதுதான் பண்பு. மொழிபெயர்ப்பாளர் செய்தியை முதல் வரிக்குக் கொண்டுவந்து, மூன்று மன்னிப்புகளை ஒன்றாக்கியது சரி. ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் மன்னிப்பு, பெரிய தவறு நடந்துவிட்டதோ என்ற ஐயத்தையே கிளப்பும். ஆனால் ‘மோஹோன்’ என்ற பணிவான வேண்டுகோளையும் அவர் வெட்டியதில், ‘புதிய தேதியை உறுதிசெய்யுங்கள்’ என்பது கட்டளையாக ஒலிக்கிறது. ‘உறுதிசெய்ய இயலுமா’ என்ற அளவு பணிவு ஆங்கிலத்துக்கும் வேண்டும். எனக்குப் பெரிய கவலை ‘காமி உசாஹாக்கான்’ பற்றியது. மாத இறுதிக்குள் அனுப்ப ‘முயல்கிறோம்’ என்பது அங்கே பல நேரம் முடியாது என்பதன் மென்மையான வடிவம். வாடிக்கையாளரோ அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு கடைக்குத் தேதி சொல்லிவிடுவார். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கக் கூடாது. பட்டறையை அழைத்து உண்மையான தேதியைக் கேட்டு எழுத வேண்டும்.