சித்தூருக்கு நாம் போட்ட கடிதம்

அன்னமாச்சாரியாரின் வாழ்க்கை நமக்குத் தெரிகிறதென்றால், அவருடைய பேரன் சின்னண்ணா அதைத் தெலுங்கில் எழுதிவைத்ததால்தான். 1949-இல் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி அதைத் திருப்பதியில் பதிப்பித்தார். வீட்டார் எழுதிவைத்ததைத் தேடி ஒருவர் வந்தார். அதே சித்தூர் மண்ணில் தமிழில் எழுதிய கவிஞர்களின் வீடுகளுக்கு, வரலாறு எழுதும் நாம் யாரும் போகவில்லை. கடிதம் போட்டோம், அவ்வளவுதான்.

"கவிஞரின் புகைப்படங்கள், நாட்குறிப்புகள், கையெழுத்துப் படிகள் இருப்பின் அனுப்பி உதவுக" என்று நல்ல தமிழில் எழுதினோம். 1960-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அந்த வீடுகளில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படித்த பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அந்தக் கடிதத்தை யார் வாசிப்பார்கள் என்று நாம் யோசிக்கவே இல்லை. பதில் வராதபோது, "ஆவணங்கள் கிடைக்கவில்லை" என்று முன்னுரையில் எழுதிவிட்டோம். தாத்தாவின் நாட்குறிப்பும் அவர்களுக்கு அப்படித்தான், வாசிக்க முடியாத ஒரு நோட்டு. வீடு மாறும்போது அது பழைய பேப்பர் கடைக்குப் போனால், குற்றம் அவர்களுடையது மட்டுமா?

கேட்ட விதமும் தவறு. 'ஆவணம்' என்றால் அச்சான புத்தகமும் பொன்னாடை போர்த்திய படமும் என்று வீட்டார் நினைத்து, "ஒன்றும் இல்லீங்க" என்கிறார்கள். மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய வரிகளை, உறவினர் கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் கவிஞரை, மலையில் மொட்டை போட்டு இறங்கியபின் எடுத்த குடும்பப் படத்தை நாம் பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். மொட்டைத் தலையோடு இருப்பவர் யாரென்று சொல்ல அந்த வீட்டுப் பாட்டியால்தான் முடியும். படத்தின் பின்புறத்து ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் முகத்துக்கு நிகரான சான்று. "முன்பக்கத்தை மட்டும் செல்போனில் எடுத்து அனுப்புங்கள்" என்றவர்கள் நாம்தான்.

இன்னொன்றும் உண்டு. "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று மூலத்தை வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எந்த வீடு கதவைத் திறக்கும்?

இனி போடும் கடிதம் தெலுங்கிலும் தமிழிலும் இருக்கட்டும். எதையும் அனுப்பச் சொல்ல வேண்டாம். நாமே வருகிறோம், உங்கள் கூடத்திலேயே ஜன்னல் வெளிச்சத்தில் இருபக்கமும் படமெடுத்து, அங்கேயே திருப்பித் தருகிறோம் என்று எழுதுவோம். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு எடுப்போம். நாட்குறிப்பைப் படிக்கக் கொடுத்ததாலேயே அச்சிட உரிமை கொடுத்ததாகாது. அச்சடிக்காத எழுத்தின் பதிப்புரிமை பொதுவாக வாரிசுகளுடையது. அச்சிட வேண்டிய பக்கங்களுக்குத் தனியாக எழுத்தில் அனுமதி கேட்போம். வெளியே தெரிய வேண்டாம் என்று அவர்கள் நினைக்கும் பக்கங்களை அவர்களே ஒதுக்கி வைக்கட்டும். மீதிப் பக்கங்களைப் பேரப்பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவோம்.